கைகுலுக்கலும் மூலைவிட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

12 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒருமுறை கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை? எனக்கு 132 வருகிறது, விடையில் 66 என்று இருக்கிறது.

விடையில் இருப்பதுதான் சரி. ஆனால் உங்கள் 132 வீண் போகவில்லை. ஒரு படி மட்டும் பாக்கி இருக்கிறது.

நீங்கள் இப்படி நினைத்திருப்பீர்கள்: ஒருவர் 11 பேரிடம் கை நீட்டுகிறார், அப்படி 12 பேர், ஆக 12 × 11 = 132. இது கைகளை எண்ணிய கணக்கு. ஒரு கைகுலுக்கலில் இரண்டு கைகள் இருக்கின்றன. முதல் ஆள் ஐந்தாம் ஆளுடன் குலுக்கியதை முதல் ஆளின் கணக்கிலும் எழுதினீர்கள், ஐந்தாம் ஆளின் கணக்கிலும் எழுதினீர்கள். நடந்தது ஒரே நிகழ்வு. ஒவ்வொரு குலுக்கலும் சரியாக இரண்டு முறை பதிவாகியிருப்பதால் 132-ஐ இரண்டால் வகுத்தால் போதும்: 66.

"சரியாக இரண்டு முறை" என்பதைக் கவனியுங்கள். சிலது இரண்டு முறையும் சிலது ஒரே முறையும் பதிவாகியிருந்தால் வகுத்துச் சரிசெய்ய முடியாது. எல்லாம் ஒரே அளவில் மிகையாக எண்ணப்பட்டால்தான் வகுத்தல் வேலை செய்யும். இந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதி, வகுக்க மறப்பதால் வருகிறது. மீதிப் பாதி, வகுக்கக்கூடாத இடத்தில் வகுப்பதால் வருகிறது.

12 × 11 ÷ 2 என்று செய்தாலே விடை வந்துவிடுகிறதே. அப்புறம் எதற்கு 12C2 என்ற சேர்வுக் குறியீடு?

இந்த ஒரு கணக்குக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. 12C2 என்பது "12 பேரிலிருந்து வரிசையைப் பொருட்படுத்தாமல் 2 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள்" என்பதற்கான சுருக்கெழுத்து. ஒரு கைகுலுக்கலைக் குறிப்பிட வேண்டுமானால் எந்த இரண்டு பேர் என்று சொன்னால் போதும். யார் முதலில் கை நீட்டினார் என்பது தேவையில்லை. எனவே கைகுலுக்கல்களின் எண்ணிக்கையும் இருவர் கொண்ட இணைகளின் எண்ணிக்கையும் ஒன்றே.

பயன் எங்கே தெரியும் என்றால், இரண்டுக்குப் பதில் நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வரும்போது. அங்கே இரண்டால் வகுத்தால் தப்பு. நான்கு பேரை 4 × 3 × 2 × 1 = 24 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால் 24-ஆல் வகுக்க வேண்டும். இந்தப் பக்கத்தின் கடைசிக் கேள்வியில் அது வரும்.

12C2 = 12!/(2! × 10!) என்ற சூத்திரத்தில் காரணீயப் பெருக்கங்களைப் பார்த்துவிட்டு 12! எவ்வளவு என்று கணக்கிட உட்கார்ந்துவிடாதீர்கள். 12! என்பது 47,90,01,600. மேலேயும் கீழேயும் 10! அடிபட்டுப் போய் மேலே 12 × 11, கீழே 2 மட்டும்தான் மிஞ்சும்.

நான் 11 + 10 + 9 + … + 1 என்று கூட்டினேன். அதிலும் 66 வந்தது. இது தற்செயலா?

இல்லை, அதுவும் ஒரு முழுமையான முறைதான். நான் சொல்லித்தரும்போது பெரும்பாலும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் இதில் வகுத்தலே கிடையாது.

அறைக்குள் ஒவ்வொருவராக வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருபவர், ஏற்கெனவே இருக்கும் எல்லோருடனும் குலுக்குகிறார். முதல் ஆள் வரும்போது யாருமில்லை, 0. இரண்டாம் ஆளுக்கு 1, மூன்றாம் ஆளுக்கு 2. இப்படியே 12-ஆம் ஆளுக்கு 11. எந்தக் குலுக்கலும் இரண்டு முறை பதிவாகாது, ஏனென்றால் அந்த இருவரில் பின்னால் வந்தவரின் கணக்கில் மட்டும்தான் அதை எழுதுகிறோம்.

இந்த முறையின் உண்மையான வசதி, ஆட்கள் கூடும்போது தெரியும். 13-ஆவது ஆள் தாமதமாக வந்தால் புதிதாகக் கணக்குப் போட வேண்டாம். 66-உடன் 12-ஐக் கூட்டினால் 78.

இதற்கும் பலகோணத்தின் மூலைவிட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஏன் சேர்த்தே நடத்துகிறார்கள்?

அந்த 12 பேரையும் வட்டமாக உட்கார வையுங்கள். ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. யார் யாருடன் குலுக்கினாலும் அந்த இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒரு கோடு போடுங்கள். எல்லோரும் குலுக்கி முடித்ததும் 66 கோடுகள் இருக்கும்.

இப்போது படத்தைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் குலுக்கிய கோடுகள் வெளி ஓரமாகச் சுற்றி வந்து ஒரு பன்னிரண்டு பக்கப் பலகோணத்தை உண்டாக்கியிருக்கும். அவை 12. மற்ற எல்லாக் கோடுகளும் உள்ளே குறுக்கே ஓடுகின்றன. அவைதான் மூலைவிட்டங்கள்: 66 − 12 = 54.

அதாவது, மூலைவிட்டம் என்பது அடுத்த இருக்கையில் இல்லாதவருடன் நடந்த கைகுலுக்கல். வேறு எந்த வித்தியாசமும் கிடையாது. "ஒரு வட்ட மேசையில் 12 பேர், பக்கத்தில் இருப்பவர்களைத் தவிர மற்ற எல்லோருடனும் குலுக்கினார்கள், எத்தனை?" என்று கேட்டாலும், "பன்னிரண்டு பக்கப் பலகோணத்துக்கு எத்தனை மூலைவிட்டங்கள்?" என்று கேட்டாலும் அது ஒரே கேள்விதான்.

n பக்கப் பலகோணத்தின் மூலைவிட்டங்களுக்கான n(n − 3)/2 என்ற சூத்திரத்தில் அந்த 3 எங்கிருந்து வருகிறது? பரீட்சையில் எப்போதும் 2 என்று எழுதிவிடுகிறேன்.

ஏதாவது ஒரு முனையில் போய் நில்லுங்கள். அங்கிருந்து மூலைவிட்டம் போட முடியாத முனைகள் எவை? இடப்பக்கத்து முனை, வலப்பக்கத்து முனை. அந்த இரண்டுக்கும் போட்டால் அது பக்கமாகிவிடும். மூன்றாவது, நீங்கள் நிற்கும் முனையேதான். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். "இரண்டு பக்கத்து முனைகளும் கூடாது" என்பது ஞாபகம் இருக்கிறது, தன்னோடு தான் இணைய முடியாது என்பது ஞாபகத்துக்கு வருவதில்லை. கைகுலுக்கலில் n − 1 வருவதற்குக் காரணமும் அதே "தான்". ஆக 1 + 2 = 3.

ஒரு முனையிலிருந்து n − 3, அப்படி n முனைகள், ஒவ்வொரு மூலைவிட்டமும் இரு முனைகளிலிருந்தும் பதிவாகியிருப்பதால் இரண்டால் வகுத்தல்.

சந்தேகம் வந்தால் முக்கோணத்தை வைத்துப் பாருங்கள். முக்கோணத்துக்கு மூலைவிட்டமே கிடையாது, 3 − 3 = 0, சரியாக இருக்கிறது. தவறான n(n − 2)/2-இல் போட்டால் 1.5 வரும். ஒன்றரை மூலைவிட்டம் வந்தால் சூத்திரம் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் நாற்கரத்தில் போட்டுப் பார்த்தால் 4 வரும். முழு எண் என்பதால் ஏமாந்துவிட வாய்ப்புண்டு. நாற்கரத்துக்கு மூலைவிட்டங்கள் இரண்டே.

ஒரு புத்தகத்தில் nC2 − n, இன்னொன்றில் n(n − 3)/2. இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான்.

n(n − 1)/2 − n = (n² − n − 2n)/2 = n(n − 3)/2

முதலாவது, எல்லா இணைகளையும் எண்ணிவிட்டுப் பக்கங்களைத் தள்ளுகிறது. இரண்டாவது, முதலிலேயே பக்கங்களைத் தவிர்த்துவிட்டு எண்ணுகிறது. எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

ஒரு பலகோணத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும்போது n − 3 மூலைவிட்டங்கள் என்கிறார்கள். மொத்த எண்ணிக்கையோடு இது ஒத்துப்போகவில்லையே?

அது வேறு கேள்விக்கான விடை. முக்கோணங்களாகப் பிரிக்கும்போது மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. ஒரே முனையிலிருந்து எல்லாவற்றையும் போட்டால் n − 3 கோடுகள் வந்து, n − 2 முக்கோணங்கள் கிடைக்கும். வேறு முனைகளிலிருந்து கலந்து போட்டாலும், வெட்டாமல் போடக்கூடிய அதிகபட்சம் அதே n − 3 தான். பன்னிரண்டு பக்கப் பலகோணத்தில் 9 மூலைவிட்டங்கள், 10 முக்கோணங்கள். இருக்கும் 54-இல் 9-ஐ மட்டும் பயன்படுத்தியிருக்கிறோம்.

எண்கோணம் வரைந்து எண்ணினால் ஒருமுறை 19, ஒருமுறை 21 வருகிறது. படத்திலேயே பிசகாமல் எண்ண வழி இருக்கிறதா?

இருக்கிறது, அதோடு கொஞ்சம் அழகான விஷயமும் அதில் ஒளிந்திருக்கிறது. கண்ணில் பட்ட கோட்டையெல்லாம் எண்ணாமல், ஒவ்வொரு கோடும் எத்தனை முனை தாண்டிப் போகிறது என்று வகை பிரித்து எண்ணுங்கள்.

எண்கோணத்தின் முனைகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். இரண்டு அடி நகரும் கோடுகள்: 1–3, 2–4, 3–5 என்று தொடங்கி 8–2 வரை. ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒன்று புறப்படுகிறது, ஆக 8. மூன்று அடி நகரும் கோடுகள்: 1–4, 2–5 என்று தொடங்கி 8–3 வரை. இவையும் 8. நான்கு அடி நகரும் கோடுகள்: 1–5, 2–6, 3–7, 4–8. அடுத்து 5–1 என்று எழுதப் போனால் அது ஏற்கெனவே எழுதிய 1–5. எனவே இங்கே 4 மட்டும்தான். ஐந்து அடி என்று போனால் அது மறுபக்கமாகப் பார்த்தால் மூன்று அடி, ஏற்கெனவே எண்ணியாகிவிட்டது. மொத்தம் 8 + 8 + 4 = 20. சூத்திரமும் 8 × 5 ÷ 2 = 20 என்கிறது.

21 எப்படி வந்தது என்றால், அநேகமாக எதிரெதிர் முனைகளை இணைக்கும் நீளமான கோடு ஒன்றை இரண்டு முறை எண்ணியிருப்பீர்கள். 19 வந்தால், நடுவில் கோடுகள் நெருக்கமாக ஓடும் இடத்தில் ஒன்று விடுபட்டிருக்கும். அடிவாரியாகப் பட்டியல் போட்டால் இரண்டும் நடக்காது.

ஒழுங்கு பலகோணமாக இருந்தால் அடி எண்ணிக்கையே நீளத்தையும் தீர்மானிக்கும். ஒழுங்கு எண்கோணத்தில் மூலைவிட்டங்கள் மூன்றே நீளங்களில்தான் இருக்கும்.

பக்கங்களைப் போல இரண்டு மடங்கு மூலைவிட்டங்கள் உள்ள பலகோணம் எது?

எழுகோணம். 7 பக்கங்கள், 14 மூலைவிட்டங்கள். n(n − 3)/2 = 2n என்று எழுதி இருபுறமும் n-ஆல் வகுத்தால் n − 3 = 4, n = 7.

இரண்டுக்குப் பதில் k மடங்கு என்று வைத்தால் n = 2k + 3. ஒரு மடங்கு என்றால் ஐங்கோணம், இரண்டு மடங்கு எழுகோணம், மூன்று மடங்கு ஒன்பது பக்கம். k என்ன முழு எண்ணாக இருந்தாலும் 2k + 3 ஒற்றைப்படைதான். அப்படியானால் இரட்டைப்படைப் பக்கங்கள் கொண்ட எந்தப் பலகோணத்திலும் மூலைவிட்டங்கள் பக்கங்களின் சரியான மடங்காக வரவே வராது. ஏன் என்பதற்கான விடை மேலே எண்கோணத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு அடிவகையும் n கோடுகளைத் தரும், எதிர்முனைக்குப் போகும் வகை மட்டும் n/2 தரும். அந்த அரைதான் மடங்கைக் கெடுக்கிறது. ஒற்றைப்படையில் நேர் எதிர்முனை என்று ஒன்று இல்லாததால் அந்தச் சிக்கல் இல்லை.

தலைகீழாகக் கேட்டால்? "44 மூலைவிட்டங்கள், எத்தனை பக்கங்கள்?" என்பது மாதிரி.

n(n − 3) = 88. வித்தியாசம் 3 உள்ள, பெருக்கினால் 88 வரும் இரண்டு எண்கள்: 11, 8. எனவே 11 பக்கங்கள். சிறிய எண்ணாக இருந்தால் இப்படிக் காரணிகளைத் தேடுவதே சுலபம்.

பெரிய எண்ணாக இருந்தால் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதுதான். மூலைவிட்டங்கள் D என்றால் n = (3 + √(8D + 9))/2. கைகுலுக்கல்கள் H என்றால் n = (1 + √(8H + 1))/2. வர்க்கமூலத்துக்குள் முழு வர்க்கம் வர வேண்டும். வராவிட்டால் அப்படி ஒரு பலகோணமோ கூட்டமோ இருக்க முடியாது. இது நல்ல சோதனை.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒரு கூட்டத்தில் எல்லோரும் எல்லோருடனும் குலுக்கினார்கள், மொத்தம் 100 குலுக்கல்கள் என்று ஒருவர் சொல்கிறார். 8 × 100 + 1 = 801. 28² = 784, 29² = 841. 801 நடுவில் மாட்டிக்கொள்கிறது, எனவே அவர் சொல்வது அப்படியே உண்மையாக இருக்க முடியாது. 14 பேர் என்றால் 91, 15 பேர் என்றால் 105. நடந்திருக்கக்கூடியது என்ன? 14 பேர் தங்களுக்குள் எல்லாக் குலுக்கல்களையும் முடித்துவிட்டார்கள், பிறகு 15-ஆவதாக வந்தவர் 9 பேருடன் மட்டும் குலுக்கிவிட்டுப் புறப்பட்டுவிட்டார் என்றால் 91 + 9 = 100. அல்லது 15 பேரும் இருந்தார்கள், வேறு வேறு இடங்களில் 5 இணைகள் மட்டும் விடுபட்டுப் போயின. எண்ணிக்கையை மட்டும் வைத்து இவற்றில் எது என்று பிரித்தறிய முடியாது. "எல்லோரும் எல்லோருடனும்" என்பது பொய் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

எதிர்க்குறி விடையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 44 கணக்கில் n = −8 என்றும் ஒரு தீர்வு வரும். பக்கங்களின் எண்ணிக்கை குறையெண்ணாக இருக்காது என்பதால் அதை விட்டுவிடலாம்.

பலகோணம் உள்ளே குழிந்திருந்தால் சூத்திரம் மாறுமா?

எண்ணிக்கை மாறாது. மூலைவிட்டம் என்பது அடுத்தடுத்து இல்லாத இரு முனைகளை இணைக்கும் கோட்டுத்துண்டு, அவ்வளவுதான் வரையறை. உருவம் குழிந்திருந்தால் சில மூலைவிட்டங்கள் வெளியே ஓடும். அம்பு முனை போல இருக்கும் நாற்கரத்துக்கும் இரண்டு மூலைவிட்டங்கள்தான், ஒன்று முழுதும் வெளியே இருக்கும். "உள்ளே இருக்கும் மூலைவிட்டங்கள் எத்தனை?" என்று கேட்டால் மட்டும் சூத்திரம் உதவாது, அந்தக் குறிப்பிட்ட உருவத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

12 பேர் 6 தம்பதிகளாக வந்திருக்கிறார்கள். தன் துணையுடன் யாரும் குலுக்கவில்லை. 66 − 12 = 54 என்று போட்டேன், தவறு என்கிறார்கள்.

மூலைவிட்டக் கணக்கின் 12-ஐ இங்கே கொண்டுவந்துவிட்டீர்கள். கழிக்க வேண்டியது ஆட்களை அல்ல, நடக்காத இணைகளை. தம்பதிகள் 6, எனவே நடக்காத இணைகளும் 6. விடை 66 − 6 = 60.

வேறு வழியிலும் சரிபார்க்கலாம். ஒவ்வொருவரும் தன்னையும் துணையையும் விட்டு 10 பேருடன் குலுக்குகிறார். 12 × 10 ÷ 2 = 60.

வட்ட மேசையில் ஏன் 12-ஐக் கழித்தோம்? அங்கே ஒவ்வொருவருக்கும் விலக்கப்பட்டவர்கள் இரண்டு பேர், 12 × 2 ÷ 2 = 12 இணைகள். இங்கே ஒவ்வொருவருக்கும் விலக்கப்பட்டவர் ஒருவர், 12 × 1 ÷ 2 = 6 இணைகள். வட்ட மேசையில் பக்கத்து இணைகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒன்றாக அமைந்தது தற்செயலான ஒற்றுமை. அதை விதியாக எடுத்துக்கொண்டால் இப்படித்தான் சறுக்கும்.

இரண்டு அணிகள் கணக்கும் இதே ஜாதிதான். 7 பேர் ஓர் அணி, 5 பேர் இன்னோர் அணி, எதிரணியினருடன் மட்டும் குலுக்குகிறார்கள் என்றால் 7 × 5 = 35. இங்கே இரண்டால் வகுக்கக்கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு குலுக்கலையும் முதல் அணியின் பக்கமிருந்து ஒரே ஒருமுறைதான் எண்ணியிருக்கிறோம். நம்பிக்கை வராவிட்டால், முதல் அணிக்குள்ளே 7C2 = 21, இரண்டாம் அணிக்குள்ளே 5C2 = 10, இரண்டுக்கும் நடுவே 35. கூட்டிப் பாருங்கள், 66.

12 பேரில் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு பரிசு கொடுத்தால்?

அதில் நான் உங்களுக்குக் கொடுப்பதும் நீங்கள் எனக்குக் கொடுப்பதும் இரண்டு தனிப் பரிசுகள். வரிசைக்கு மதிப்பு உண்டு, எனவே இது சேர்வு அல்ல, வரிசை மாற்றம். 12 × 11 = 132. முதல் கேள்வியில் தவறாக இருந்த எண் இங்கே சரியான விடை.

9 பேர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சரியாக 5 பேருடன் குலுக்கினார்கள் என்று ஒரு கணக்கு. விடை 22.5 வருகிறது. கணக்கில் எங்கே பிழை?

உங்கள் பக்கம் பிழையே இல்லை. அப்படி ஒரு கூட்டம் இருக்கவே முடியாது, 22.5 சொல்வது அதைத்தான்.

ஒவ்வொருவரும் குலுக்கிய எண்ணிக்கைகளைக் கூட்டினால், ஒவ்வொரு குலுக்கலும் இருவர் கணக்கில் ஏறுவதால், மொத்தம் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். 9 × 5 = 45 ஒற்றைப்படை. இதையே இன்னும் பொதுவாகச் சொன்னால்: எந்தக் கூட்டத்திலும், யார் யாருடன் எப்படிக் குலுக்கியிருந்தாலும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் குலுக்கியவர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்கள் பற்றிய புதிரை ஆராய்ந்தபோது ஆய்லர் கவனித்த விஷயம் இது. அவர் பேசியது பாலங்களைப் பற்றி, ஆனாலும் இன்று இதற்குக் கைகுலுக்கல் தேற்றம் என்றே பெயர்.

மூலைவிட்டங்கள் உள்ளே எத்தனை இடங்களில் வெட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்வால் எண்ண முடியுமா?

முடியும். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கும் அதுதான்.

முதலில் தோன்றும் வழி, மூலைவிட்டங்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுப்பது. அது சரிவராது, ஏனென்றால் பல மூலைவிட்டங்கள் உள்ளே வெட்டிக்கொள்வதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வெட்டுப்புள்ளியை எடுத்து, அதை உண்டாக்கிய இரண்டு கோடுகளின் நுனிகளைப் பாருங்கள். நான்கு முனைகள். இப்போது திருப்பிப் போங்கள்: குழிவு இல்லாத பலகோணத்தில் ஏதேனும் நான்கு முனைகளைத் தேர்ந்தெடுத்தால் அவை ஒரு நாற்கரம். அந்த நாற்கரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே இடத்தில் வெட்டும். நான்கு முனைகளுக்கு ஒரு வெட்டு, ஒரு வெட்டுக்கு நான்கு முனைகள். ஆக விடை nC4.

ஐங்கோணத்தில் 5C4 = 5. வரைந்து பாருங்கள், நடுவில் இருக்கும் நட்சத்திரத்தின் ஐந்து உள்முனைகள்தான் அவை. அறுகோணத்தில் 6C4 = 15.

ஆனால் ஒழுங்கு அறுகோணத்தை வரைந்து எண்ணினால் 13 புள்ளிகள்தான் இருக்கும். பலர் இங்கே குழம்பிவிடுகிறார்கள். எதிரெதிர் முனைகளை இணைக்கும் மூன்று மூலைவிட்டங்களும் மையத்தில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. மூன்று கோடுகளுக்கு மூன்று வெட்டுகள் வர வேண்டும், அவை மூன்றும் ஒரே புள்ளியில் அமுங்கிவிட்டன. எனவே 15-இல் 2 குறைந்தது. ஒரு முனையைக் கொஞ்சம் நகர்த்தி அறுகோணத்தைக் கோணலாக்கினால் மையப்புள்ளி மூன்றாகப் பிரிந்து 15 ஆகிவிடும். அதாவது nC4 சரியாகப் பொருந்துவது, எந்த மூன்று மூலைவிட்டங்களும் உள்ளே ஒரே புள்ளியில் சந்திக்காத பலகோணங்களுக்கு.

ஒழுங்கு பலகோணத்தில் பக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் அப்படிச் சந்திப்பு நடக்காது, எனவே பதினொரு பக்கங்களுக்கு 11C4 = 330 அப்படியே பொருந்தும். நம் பன்னிரண்டு பக்கப் பலகோணத்தில் 12C4 = 495 என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒழுங்காக வரைந்தால் இருப்பவை 301 புள்ளிகள். ஒரு பக்கம் கூடியிருக்கிறது, மூலைவிட்டங்கள் 44-இலிருந்து 54 ஆகியிருக்கின்றன, வெட்டுப்புள்ளிகளோ பதினொரு பக்கத்தில் இருந்ததைவிடவும் குறைந்துவிட்டன.